லேமினேட் அறிவிப்பில் வெளிச்சம் மறைத்த எழுத்துகள்: எதுவரை வாசிப்பு, எங்கிருந்து ஊகம்?

லேமினேட் செய்து சுவரில் ஒட்டிய அறிவிப்பைப் படமெடுக்கும்போது கேமராவுக்கு இரண்டு வெளிச்சங்கள் ஒன்றாகச் சேர்ந்து வருகின்றன. ஒன்று, காகிதத்தையும் மையையும் தொட்டுத் திரும்பும் வெளிச்சம். எழுத்து இருப்பது இதில்தான். மற்றொன்று, மேலே இருக்கும் பிளாஸ்டிக் தாளிலேயே பட்டுத் தெறிக்கும் வெளிச்சம். எதிரே இருக்கும் ஜன்னலோ டியூப்லைட்டோ அந்தத் தாளில் கண்ணாடியில் தெரிவதுபோல் தெரிகிறது. பிளாஸ்டிக் தாள் நேர் எதிரிலிருந்து வரும் வெளிச்சத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவையே திருப்பி அனுப்புகிறது. கேட்கக் குறைவாகத் தோன்றும். ஆனால் ஜன்னலுக்கு வெளியே உள்ள வானம் சுவரிலுள்ள காகிதத்தைவிட நூறு மடங்கு பிரகாசமாக இருந்தால், அந்த நான்கு பங்கே காகிதத்தைப் போல நான்கு மடங்கு வெளிச்சமாகி எழுத்தின்மேல் உட்கார்ந்துவிடும். பக்கவாட்டில் சாய்ந்து நின்றால் தெறிப்பு இன்னும் கூடும். செங்குத்திலிருந்து 75 பாகை சாய்ந்தால் ஏறத்தாழ கால் பங்கு வெளிச்சம் திரும்பிவிடுகிறது.

இந்த வெளிச்சம் எழுத்தை இரண்டு விதமாக மறைக்கும். இரண்டையும் பிரித்தறிவதுதான் மீட்பு வேலையின் முதல் படி. ஒரு விதத்தில் எழுத்து வெளிறிப்போகும், ஆனால் உள்ளே இருக்கும். காகிதத்தின் அளவு 150, மையின் அளவு 30 என்று வைத்துக்கொண்டால், தெறிப்பு 80 சேர்ந்ததும் அவை 230, 110 ஆகின்றன. இடையிலான வித்தியாசம் அப்படியே இருக்கிறது. படத் திருத்தும் மென்பொருளில் அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்து, கருமையைக் கூட்டி, வெளிறலைக் கழித்தால் எழுத்து வெளியே வரும். இன்னொரு விதத்தில் தெறிப்பு 300 சேர்கிறது. சாதாரணப் படக்கோப்பில் ஒரு புள்ளிக்கு 255-க்கு மேல் எழுத இடமில்லை. காகிதமும் 255, மையும் 255. அந்த இடத்தில் எழுத்து மங்கவில்லை, பதிவாகவே இல்லை. எந்தத் திருத்தத்தாலும் அங்கிருந்து எதையும் எடுக்க முடியாது.

இதைக் கண்ணால் தீர்மானிக்கக் கூடாது. மென்பொருளின் நிறம் காட்டும் கருவியை வெளிச்சத்திட்டின் மேல் வைத்து, சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அளவுகளையும் பார்க்க வேண்டும். மூன்றும் 255 என்றால் அந்த இடம் வெறுமை. வானத்தின் தெறிப்பு நீலம் கலந்தது என்பதால் நீலம் மட்டும் உச்சத்தைத் தொட்டு, சிவப்பு 240-இல் நிற்பது உண்டு. அப்போது சிவப்பு அடுக்கை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தால், முழுப் படத்தில் தெரியாத எழுத்து அதில் லேசாகத் தெரியும். ரா கோப்பாக எடுத்திருந்தால் மீட்பு இன்னும் நீளும். அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் 12 அல்லது 14 பிட் இடம் இருக்கிறது. ஆனால் அங்கும் ஓர் உச்சவரம்பு உண்டு.

அறிவிப்பு இன்னும் சுவரில் இருக்கிறது, அங்கே போக முடியும் என்றால், மென்பொருளில் செலவழிக்கும் ஒரு மணி நேரத்தைவிடச் சுவரின் முன் செலவழிக்கும் ஐந்து நிமிடம் மேல். தெறிப்பு எங்கே தெரியும் என்பது படமெடுப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது, எழுத்து அப்படியில்லை. இரண்டடி நகர்ந்தால் வெளிச்சத்திட்டும் நகரும், எழுத்து இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே ஃபிளாஷை அணைத்துவிட்டு, இடம், வலம், மேல், கீழ் என நான்கைந்து இடங்களிலிருந்து எடுக்க வேண்டும். வெளிச்ச அளவைப் பூட்டி, வழக்கத்தைவிட ஒன்றிரண்டு படி இருட்டாக எடுப்பது நல்லது. இருண்ட எழுத்தை மீட்கலாம், எரிந்துபோன எழுத்தை மீட்க முடியாது. உடன் ஒருவர் இருந்தால் ஜன்னலுக்கும் அறிவிப்புக்கும் நடுவே கறுப்புத் துணியோ குடையோ பிடிக்கச் சொல்லலாம். போலரைசர் ஃபில்டரும் உதவும். ஆனால் நேர் எதிரே நின்றால் அது எதையும் குறைக்காது. செங்குத்திலிருந்து ஏறத்தாழ 56 பாகை சாய்ந்து நிற்கும்போதுதான் தெறிப்பு முழுவதும் அதனால் அடைபடும். வாங்கியவர் பலர் அது வேலை செய்யவில்லை என்று நினைப்பதற்குக் காரணம், அறிவிப்பின் முன் நேராக நின்று எடுப்பதுதான்.

பல இடங்களிலிருந்து எடுத்த படங்களை ஒன்றாக்கும் முறை எளிது. கூகுள் 2016-இல் வெளியிட்ட ஃபோட்டோஸ்கேன் செயலி இதைத்தான் தானாகச் செய்கிறது. கைபேசியை நான்கு புள்ளிகளின் மேல் நகர்த்தச் சொல்லி, கிடைத்த படங்களிலிருந்து தெறிப்பில்லாத பகுதிகளை எடுத்துச் சேர்க்கிறது. கையால் செய்வதானால், ஒவ்வொரு படத்திலும் அறிவிப்பின் நான்கு மூலைகளைக் குறித்து, எல்லாவற்றையும் ஒரே அளவுச் செவ்வகமாக நிமிர்த்த வேண்டும். ஏ4 தாள் என்றால் விகிதம் 297-க்கு 210 என்று முன்கூட்டியே தெரியும். பிறகு ஒவ்வொரு புள்ளியிலும் எந்தப் படம் மிக இருட்டாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். தெறிப்பு வெளிச்சத்தைக் கூட்டத்தான் செய்யும், குறைக்காது. ஆகவே மிக இருண்ட புள்ளிதான் காகிதத்துக்கு மிக நெருக்கமானது. இமேஜ்மேஜிக் கருவியில் இதற்கு ஒரே வரி போதும்:

```
magick 1.png 2.png 3.png 4.png -evaluate-sequence min out.png
```

இதில் பிழை நுழையும் வழி ஒன்று உண்டு. படங்கள் மூன்று நான்கு பிக்சல் விலகிப் பொருந்தியிருந்தால், ஒவ்வொன்றின் கோடும் பக்கத்துக் கோட்டோடு சேர்ந்து தடித்துவிடும். தமிழில் முதலில் பலியாவது சின்ன வட்டங்கள்: ே-யின் சுழி அடைந்துபோகும், ீ-யின் சுழி கரும்புள்ளியாகும். வெளிச்சமே படாத ஒரு வரியைக் கூட்டுப் படத்திலும் தனிப் படத்திலும் ஒப்பிட்டுப் பார்த்தால் இது தெரிந்துவிடும். தெளிவான வரியே தடித்திருந்தால், மீட்ட வரியை நம்புவதற்கில்லை. படமெடுத்தவரின் நிழலும் 'மிக இருண்ட புள்ளி'யாக உள்ளே வந்துவிடும், ஆனால் அது பரவலான கறையாகத் தெரிவதால் எழுத்தோடு குழம்பாது.

இதற்கும் மேலே போய், படத்தைத் தானாகக் 'கூர்மையாக்கும்' கருவிகளைக் கையாளும்போது கவனம் வேண்டும். 2013-இல் ஜெர்மானியக் கணினி அறிவியலாளர் டேவிட் க்ரீசல் ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஒர்க்சென்டர் இயந்திரத்தில் ஸ்கேன் செய்தபோது நடந்தது இங்கே நினைவில் இருக்க வேண்டும். மூன்று அறைகளின் பரப்பளவு 14.13, 21.11, 17.42 என்று வெவ்வேறாக இருந்தது. ஸ்கேனில் மூன்றும் 14.13 என்று வந்தன. கோப்பைச் சுருக்குவதற்காக, ஒன்றுபோலத் தோன்றும் துண்டுகளை இயந்திரம் ஒரே துண்டாக மாற்றிவிட்டிருந்தது. எண்கள் மங்கலாக வந்திருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அச்சுப்போலத் தெளிவாக வந்ததுதான் ஆபத்து. மீட்புப் படத்தில் ஓர் எழுத்து சுற்றியிருப்பவற்றைவிடக் கூர்மையாக இருந்தால், அது காகிதத்திலிருந்து வந்ததா, கருவி வரைந்ததா என்று மூலப் படத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும்.

படம் தரக்கூடியதெல்லாம் கிடைத்த பிறகுதான் வாசிப்பு தொடங்குகிறது. தமிழ் எழுத்து எந்தப் பகுதியில் மறைந்திருக்கிறது என்பது இங்கே பெரிய வித்தியாசம் செய்யும். டியூப்லைட்டின் தெறிப்பு நீளமான கிடைப் பட்டையாக விழுவது வழக்கம். அது வரியின் தலைப்பகுதியில் விழுந்தால் புள்ளியும், ி, ீ வளைவுகளும், ெ-யை ே-யாக்கும் சுழியும் போகும். இவற்றில் புள்ளி போவது பெரும்பாலும் பாதிப்பில்லை. 'தடுபபூசி' என்று தெரிந்தாலும் முதல் ப-வுக்குப் புள்ளி இருந்தே ஆக வேண்டும். நெடில், குறில் அப்படியல்ல. 'வடு' என்று மட்டும் தெரிகிற சொல் விடுவா, வீடா? தலை மறைந்தால் கொட்டையும் கோட்டையும் ஒன்றுபோலத் தெரியும். ஊர்ப்பெயர்களில் இது சிக்கலாகும். வரியின் அடிப்பகுதி மறைந்தால் வேறு எழுத்துகள் குழம்பும். ர-வுக்கும் ா-வுக்கும் வித்தியாசம் அடியில் இருக்கும் சாய்கோடுதான். எ-யை ஏ-யாக்குவதும் ஒ-வை ஓ-வாக்குவதும் அடியில் இருப்பவையே.

ஒரு மாதிரி அறிவிப்பை எடுத்துக்கொண்டால் மீதி விளங்கும். ஆரம்பச் சுகாதார நிலையச் சுவரில் இப்படி ஓர் அறிவிப்பு இருப்பதாகவும், ▒ என்று காட்டியிருக்கும் இடங்களில் வெளிச்சம் மறைத்திருப்பதாகவும் வைத்துக்கொள்ளலாம்:

நாய்க்க▒ தடுப்பூசி
போடும் நாட்கள்: 0, 3, 7▒28
அரசு விடுமுறை மற்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் தடுப்பூசி போடப்ப▒
தொடர்புக்கு: 10▒

முதல் வரியில் சிரமமில்லை. தடுப்பூசி என்ற சொல் பக்கத்தில் இருக்கும்போது 'நாய்க்க' என்று தொடங்கி ஒரே ஓர் எழுத்துக்கு இடமிருக்கும் சொல் 'நாய்க்கடி' தவிர வேறில்லை. இதை நிரப்பலாம்.

இரண்டாவது வரி அப்படிப்பட்டதல்ல. நாய்க்கடித் தடுப்பூசிக்கு இரண்டு அட்டவணைகள் வழக்கில் உள்ளன. தசையில் போடுவதானால் 0, 3, 7, 14, 28 என்று ஐந்து நாட்கள். தோலினுள் போடுவதானால் 0, 3, 7, 28 என்று நான்கு நாட்கள். ஐந்து நாள் அட்டவணையை அறிந்தவர் 7-க்கும் 28-க்கும் நடுவே பெரிய இடைவெளியைப் பார்த்ததும் தயக்கமின்றி 14 என்று எழுதிவிடுவார். அங்கேதான் அளந்து பார்க்க வேண்டும். பெரும்பாலான எழுத்துருக்களில் எல்லா எண்களும் ஒரே அகலம். ஆகவே எண் வரிகளில் அளவு நம்பத்தக்கது. அறிவிப்பில் ஓர் எண் 10 பிக்சல், காற்புள்ளி 5, இடைவெளி 5 என்று தெளிவான பகுதியிலிருந்து தெரிகிறது. 0-வின் தொடக்கத்திலிருந்து 3-இன் தொடக்கம் வரை 20. 7-க்குப் பிறகு நேரே 28 வந்தால், அங்கும் 20 இருக்க வேண்டும். நடுவே 14 இருந்தால் 50. ஆனால் மூன்றாவது வாய்ப்பு ஒன்றும் உண்டு: '7 மற்றும் 28'. இந்தச் சொல்லை ஊகித்து அளக்கத் தேவையில்லை. மூன்றாவது வரியில் தெளிவாக இருக்கிறது, அகலம் 58. அப்படியானால் தூரம் 10, 5, 58, 5 சேர்ந்து 78. '7, 14 மற்றும் 28' என்றிருந்தால் 108. படத்தில் அளந்தால் 78-ஐ ஒட்டி வருகிறது. ஆகவே மறைந்திருப்பது 'மற்றும்', அட்டவணை நான்கு நாட்களுடையது. இடைவெளி பெரியது என்ற ஒன்றை மட்டும் வைத்து 14-ஐ நிரப்பியிருந்தால், அறிவிப்பில் இல்லாத ஓர் ஊசி நாள் சேர்ந்திருக்கும்.

இந்த அளவு முறைக்கு எல்லை இருக்கிறது. தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுக்கொன்று மிக வேறுபடும். ர-வைப் போலப் பல மடங்கு இடத்தை ணொ எடுத்துக்கொள்ளும். எனவே 'நான்கு எழுத்துக்கு இடம்' என்ற கணக்கு எண்களுக்குப் பொருந்தும், சொற்களுக்குப் பொருந்தாது. சொற்களுக்குச் சரியான வழி, பொருந்தக்கூடிய ஒவ்வொரு சொல்லையும் அதே எழுத்துருவில், அதே அளவில் தட்டச்சு செய்து படத்தின்மேல் வைத்துப் பார்ப்பது. வரியை இரு ஓரமும் சமமாக நிறுத்தியிருந்தால் இடைவெளிகள் நீண்டிருக்கும். அப்போது அளவு எதையும் நிரூபிக்காது.

மூன்றாவது வரிதான் மிகவும் கவனிக்க வேண்டியது. தமிழில் 'உண்டு', 'இல்லை' என்பதைச் சொல்லும் பகுதி வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. ஓரத்தில் விழும் வெளிச்சத்திட்டு ஒரு விகுதியை மறைத்தாலே பொருள் தலைகீழாகிவிடும். 'போடப்படும்' என்றும் நிரப்பலாம், 'போடப்படாது' என்றும் நிரப்பலாம். விடுமுறையில் போட மாட்டார்கள் என்று பொது அறிவு சொல்லலாம். ஆனால் விடுமுறையிலும் உண்டு என்று தெரிவிப்பதற்காகவே இப்படி ஓர் அறிவிப்பு வைக்கப்படுவதும் உண்டு. இங்கே பொது அறிவுக்கு மதிப்பில்லை, மிஞ்சியிருக்கும் கோட்டுக்குத்தான் மதிப்பு. கடைசி எழுத்து ம் என்றால் வரிக்குக் கீழே எதுவும் இறங்காது. து என்றால் அதன் அடிப்பகுதி வரிக்குக் கீழே இறங்கும். வெளிச்சத்திட்டின் கீழ்விளிம்பில் அப்படி ஒரு துணுக்கு தெரிந்தால் 'போடப்படாது' என்று படிக்கலாம், ஐயம் என்று குறித்து. எதுவும் தெரியவில்லை என்றால் அதனாலேயே 'போடப்படும்' என்று முடிவு செய்ய முடியாது, கீழ்ப்பகுதியும் எரிந்துபோயிருக்கலாம். விளிம்புக்குக் கீழே காகிதம் வெறுமையாக, 255-க்குக் குறைவாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே துணுக்கு இல்லாததைச் சான்றாகக் கொள்ளலாம்.

நான்காவது வரியில் 10 என்ற இரண்டு எண்களுக்குப் பிறகு ஓர் எண்ணுக்கு இடம். தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்தி, 104 மருத்துவ உதவி எண். சுகாதார நிலைய அறிவிப்பில் இரண்டுமே இயல்பு. கடைசி எண்ணின் அடி மட்டும் தெரிந்து, அது வளைந்திருந்தால், ஒற்றைக் காலில் நிற்கும் 4 விலகிவிடும். ஆனால் 0, 3, 5, 6, 8 ஆகியவற்றின் அடியும் வளைவுதான். அவற்றில் 108-ஐத் தேர்ந்தெடுப்பது கோட்டால் அல்ல, இடத்தையும் சூழலையும் வைத்துத்தான். அடியும் தெரியவில்லை என்றால் '10' என்று எழுதி நிறுத்துவதே சரி. பத்து இலக்கத் தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் மறைந்திருந்தால் ஊகத்துக்கு இடமே இல்லை. பத்து விடைகளும் சமமாகப் பொருந்தும், ஒன்பது விடைகள் வேறு யாரையோ அழைக்கும்.

இந்த நான்கு வரிகளும் காட்டுவது, எவ்வளவு ஊகிக்கலாம் என்பதற்கு முழு அறிவிப்புக்கும் ஒரே அளவுகோல் இல்லை என்பது. இடத்துக்கு இடம் கேட்க வேண்டிய கேள்வி, வேறு எது பொருந்தும் என்பதே. இந்தச் சொல் பொருந்துகிறதா என்று கேட்டால் மனம் ஆம் என்றுதான் சொல்லும். பொருந்தும் இன்னொன்றைத் தேடி, கிடைக்காமல் போனால் மட்டும் நிரப்ப வேண்டும். எண், தேதி, தொகை, மருந்தின் அளவு, ஆள் பெயர், எதிர்மறை விகுதி ஆகியவற்றுக்கு இன்னொன்று எப்போதும் கிடைக்கும். 'விண்ணப்பதாரர்', 'பொதுமக்கள்' போன்ற நீண்ட பழகிய சொற்களுக்குக் கிடைப்பதில்லை. பாதி மறைந்தாலும் அவற்றைத் தயங்காமல் நிரப்பலாம்.

நன்கு தமிழ் அறிந்தவர்களுக்கே வரும் ஒரு சிக்கலும் உண்டு. சொற்களுக்கு நடுவே வல்லின ஒற்று மறைந்திருக்கும் இடத்தில் இலக்கணப்படி க், ச், த், ப் போட்டு நிரப்பத் தோன்றும். ஆனால் அறிவிப்பு எழுதியவர் ஒற்றைப் போட்டிருப்பார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை, விட்டுவிடுவதே வழக்கம். 'நாட்கள்' என்றிருந்ததா, 'நாள்கள்' என்றிருந்ததா என்பதும் இப்படித்தான். அரசுப் பேருந்தில் இருக்கும் திருக்குறள் பலகையில் பாதிக் குறளை வெளிச்சம் மறைத்திருந்தால், மீதியை நூலைப் பார்த்து எழுதிவிடலாம். ஆனால் அப்போது எழுதப்படுவது நூலில் உள்ளது. பலகையில் எழுத்துப்பிழை இருந்திருந்தால் அது கண்ணிலிருந்து மறைந்துவிடும். செய்தி மட்டும் வேண்டுமானால் இது பரவாயில்லை. பலகையில் என்ன இருந்தது என்ற பதிவு வேண்டுமானால் இது தவறு.

நிரப்பியதை நிரப்பியது என்று காட்டும் வழியைக் கல்வெட்டு ஆய்வாளர்கள் வெகுகாலம் முன்பே வகுத்துவிட்டார்கள். கிரேக்க, லத்தீன் கல்வெட்டுகளைப் பதிப்பிக்க 1931-இல் லெய்டன் நகரில் ஒப்புக்கொண்ட முறையில், முற்றிலும் அழிந்து ஊகத்தால் நிரப்பிய எழுத்துகள் சதுர அடைப்புக்குள் வரும். சிதைந்தும் ஓரளவு தெரியும் எழுத்தின் கீழே ஒரு புள்ளி. நிரப்ப முடியாத இடத்தில், எத்தனை எழுத்து என்று தெரிந்தால் அத்தனை புள்ளிகள், தெரியாவிட்டால் கோடுகள். எழுத்தின் கீழே புள்ளியிடுவது தமிழ்த் தட்டச்சில் சிரமம் என்பதால் அதற்குப் பதிலாக எழுத்தை அடுத்து ஒரு கேள்விக்குறியை அடைப்பில் போடலாம். மூன்றாவது வரியில் து-வின் துணுக்கு தெரிந்து, நான்காவது வரியில் எதுவும் தெரியவில்லை என்று வைத்துக்கொண்டு அப்படி எழுதினால், மேலே உள்ள அறிவிப்பு இவ்வாறு அமையும்:

நாய்க்க[டி] தடுப்பூசி
போடும் நாட்கள்: 0, 3, 7 [மற்றும்] 28
அரசு விடுமுறை மற்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் தடுப்பூசி போடப்ப[டா]து(?)
தொடர்புக்கு: 10[.]

படிப்பவருக்கு எது கண்ணால் கண்டது, எது அளவால் தேறியது, எது ஐயம் என்பது ஒரே பார்வையில் தெரியும். கைபேசியில் பகிரும்போது அடைப்புகள் தொலைந்துபோக வாய்ப்புண்டு என்றால், ஐயமான வரியை விட்டுவிட்டு 'இந்த வரி படத்தில் தெரியவில்லை' என்று எழுதுவதே பாதுகாப்பு.

ஊகத்தைச் சோதிக்க மலிவான வழி இன்னொருவரைப் படிக்கச் சொல்வது. ஆனால் 'இது போடப்படாது என்றுதானே இருக்கிறது?' என்று கேட்டுவிட்டால் சோதனை அப்போதே முடிந்துவிட்டது. அவருக்கும் அப்படியே தெரியும். மறைந்த இடத்தை மட்டும், அதே அளவில், எந்தக் குறிப்பும் இல்லாமல் காட்ட வேண்டும். மங்கலான ஓர் எழுத்தில் இருவருக்கும் கருத்து மாறினால், அறிவிப்பில் வேறெங்காவது அதே எழுத்து தெளிவாக இருக்கும் இடத்தை வெட்டி எடுத்து, வெளிறச் செய்து, பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதே எழுத்து வெளிறினால் எப்படித் தெரியும் என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

சேமித்து வைக்கும்போது, எடுத்த மூலப் படங்கள் அனைத்தையும் மாற்றாமல் வைக்க வேண்டும். கூட்டுப் படமும் எழுத்துப் பெயர்ப்பும் தனித்தனிக் கோப்புகளாக இருக்க வேண்டும். நிரப்பிய எழுத்தைப் படத்தின்மேல் வரையவே கூடாது, அழகுக்காகக்கூட. எடுத்த தேதி, நேரம், அறிவிப்பு எந்தத் திசையைப் பார்த்திருந்தது என்பவற்றைப் பெயர்ப்பின் தலையில் குறித்துவைத்தால், அடுத்து போகிறவர் ஜன்னல் வெளிச்சம் அந்தச் சுவரில் விழாத வேளையைத் தேர்ந்து போகலாம்; அடைப்புக்குள் இருப்பவற்றை மட்டும் பார்த்துவந்தால் போதும்.